நன்றி சொன்ன வாடிக்கையாளரிடம் நாலு வரி கேட்டு வாங்குவது எப்படி?

பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து, கறையும் கீறலும் நீக்கிக் கொடுப்பது என் தொழில். வெப்சைட் தொடங்கிய முதல் வருடமே அதில் பதினோரு வாடிக்கையாளர்களின் கருத்துகளைப் போட்டிருந்தேன். 'அருமையான சேவை', 'சூப்பர், மிக்க நன்றி', 'எல்லோருக்கும் பரிந்துரைப்பேன்' என்று வரிசையாக இருக்கும். எல்லாமே உண்மையானவர்கள் உண்மையாகச் சொன்னவை. ஆனால் வெப்சைட்டைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "ஆல்பத்தை உங்களிடம் கொடுத்தால் பத்திரமாகத் திரும்பி வருமா?" அந்தப் பதினோரு கருத்தில் ஒன்றில்கூட இதற்குப் பதில் இல்லை.

வாடிக்கையாளர்கள் மேல் குறை சொல்ல முடியாது. "எங்களைப் பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டேன், அவர்களும் சொன்னார்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 'அருமை' என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றி வேண்டுமானாலும் சொல்லலாம். அதனால் அதைப் படிப்பவருடைய கண் நிற்காமல் தாண்டிப் போய்விடுகிறது.

புதிதாக வருபவருக்கு இப்போது இருக்கிற தயக்கம், உங்களுடைய பழைய வாடிக்கையாளருக்கும் ஒரு காலத்தில் இருந்திருக்கும். அது எப்படித் தீர்ந்தது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஒரு விஷயத்தைக் கேட்டு வாங்கத் தெரிந்தால் போதும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் சொல்வது உங்கள் சொந்த வெப்சைட்டில் போட்டுக்கொள்ளும் கருத்தைப் பற்றி. கூகுள் மாதிரியான இடங்களில் மக்கள் எழுதும் ரிவ்யூவுக்கு விதிகள் வேறு. அதையும் கடைசியில் சொல்கிறேன்.

முதல் படி: எந்தத் தயக்கத்துக்குப் பதில் வேண்டும் என்று பாருங்கள்

வாடிக்கையாளரிடம் போவதற்கு முன்னால் உங்கள் போனைத் திறந்து, கடைசியாக வந்த இருபது விசாரணைகளைப் படியுங்கள். ஆர்டர் கொடுப்பதற்கு முன்பு என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று கேள்விகளே திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். ரிப்பேர் வேலை செய்பவரிடம் "முதலில் ஒரு தொகை சொல்லிவிட்டு அப்புறம் கூடக் கேட்பீர்களா?" என்பது வரும். டியூஷன் எடுப்பவரிடம் "பின்தங்கியிருக்கிற பிள்ளையைத் தனியாகக் கவனிப்பீர்களா?" என்பது வரும். எனக்கு வந்தது ஆல்பம் பத்திரமாகத் திரும்புமா என்பது.

விசாரித்துவிட்டு ஆர்டர் கொடுக்காமல் போனவர்களின் மெசேஜை விட்டுவிடாதீர்கள். வந்தவர்களைவிட, வராமல் போனவர்கள் கடைசியாகக் கேட்ட கேள்வியில்தான் தயக்கம் பளிச்சென்று தெரியும்.

இரண்டாவது படி: சரியான ஆள், சரியான நேரம்

வேலையை ஒப்படைத்து, பணம் வாங்கும் அந்த நிமிடத்திலேயே பலர் கேட்டுவிடுகிறார்கள். அது கேட்கும் நேரம் இல்லை. வாடிக்கையாளர் அப்போது பொருளை இன்னும் பயன்படுத்தியிருக்க மாட்டார். கவனமும் பில்லில் இருக்கும். மரியாதைக்கு "நல்லா இருக்கு" என்பார், அவ்வளவுதான்.

வேலையின் பலன் அவர் கைக்கு வந்த பிறகு கேளுங்கள். அது தொழிலுக்குத் தொழில் மாறும். ஒரு குழாய் ரிப்பேருக்கு இரண்டு நாள் கழித்து, ஒழுகவில்லை என்று தெரிந்தவுடன். பாடம் சொல்லிக்கொடுப்பவருக்கு அடுத்த தேர்வு முடிந்தவுடன். எனக்கு, படங்களைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்த பிறகு. அதிக நாள் விட்டாலும் கஷ்டம்தான். மூன்று மாதம் போனால் திருப்தி நினைவிருக்கும், விவரம் மறந்திருக்கும். விவரம் இல்லாமல் மறுபடியும் 'அருமை'தான் கிடைக்கும்.

அவர்களாகவே ஒரு அடையாளம் காட்டுவார்கள். தாங்களாக ஒரு நன்றி மெசேஜ் அனுப்புவது, இன்னொரு வேலை கொண்டுவருவது, தெரிந்தவரை அனுப்பிவைப்பது. இந்த மூன்றில் ஒன்று நடந்த அன்றோ மறுநாளோ கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கேட்பதற்கு முன் ஒரு நிமிடம் செலவழித்து, அவருடைய வேலையில் ஏதாவது பாக்கி இருக்கிறதா, சொன்ன புகார் தீராமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சின்னக் குறை ஒன்று தீராமல் கிடக்கும்போது போய்க் கருத்துக் கேட்டால், இருந்த நல்ல பெயரும் போய்விடும்.

ஒரு தவறை இங்கே சொல்லியாக வேண்டும். தொடக்க காலத்தில் ஒருவர் அனுப்பிய நன்றி மெசேஜை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெப்சைட்டில் போட்டுவிட்டேன். அவருடைய புகைப்படமும் பெயரும் மேலே இருந்தன. மெசேஜுக்குள் அவருடைய தாயார் இறந்துபோனதைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. அவருடைய உறவினர் ஒருவர் பார்த்துவிட்டு அவரிடம் சொல்ல, அவர் எனக்குப் போன் செய்தார். கோபப்படக்கூட இல்லை. "உங்களுக்காகத்தானே எழுதினேன், ஊருக்காக எழுதலையே" என்றார். அன்றைக்கே எடுத்துவிட்டேன். நன்றி சொன்னவர் அதை வெளியில் போட அனுமதி கொடுத்ததாக ஆகாது. அந்தப் பாடத்தை அதற்குப் பிறகு நான் மீறியதில்லை.

மூன்றாவது படி: முதல் மெசேஜ்

முதல் மெசேஜிலேயே கேள்விகளைக் கொட்ட வேண்டாம். கேட்கலாமா என்று மட்டும் கேளுங்கள். என்ன கேட்கப் போகிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், எங்கே போடப் போகிறீர்கள், வேண்டாம் என்றால் பரவாயில்லை என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். நான் அனுப்பும் மெசேஜ் இப்படி இருக்கும்:

> வணக்கம் அம்மா. படங்களை வீட்டில் எல்லோரும் பார்த்ததாக நேற்று எழுதியிருந்தீர்கள், ரொம்ப சந்தோஷம். ஒரு சின்ன உதவி கேட்கலாமா? ஆல்பத்தைக் கொடுக்கத் தயங்குபவர்கள் நிறையப் பேர் எங்களுக்குப் போன் செய்கிறார்கள். உங்கள் அனுபவத்தை நாலு வரியில் எங்கள் வெப்சைட்டில் போட்டால் அவர்களுக்கு உதவியாக இருக்கும். மூன்று கேள்விதான், ஐந்து நிமிடம் ஆகும். எழுதச் சிரமமாக இருந்தால் வாய்ஸ் மெசேஜே போதும். போடுவதற்கு முன் உங்களிடம் காட்டிவிட்டுத்தான் போடுவேன். விருப்பம் இல்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள்.

இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். 'நேற்று எழுதியிருந்தீர்கள்' என்று அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டு தொடங்குகிறது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிய மெசேஜ் இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிடும். அப்புறம் 'தயங்குபவர்களுக்கு உதவியாக இருக்கும்' என்ற வரி. எனக்கு உதவுங்கள் என்பதைவிட, உங்களைப் போல யோசிக்கிற இன்னொருவருக்கு உதவுங்கள் என்றால் மக்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள். பேச்சும் தானாகவே தயக்கத்தைப் பற்றியதாக மாறுகிறது.

'டெஸ்டிமோனியல்', 'பரிந்துரைக் கடிதம்' மாதிரியான சொற்களை நான் தவிர்த்துவிடுகிறேன். அதைக் கேட்டவுடன் பலர் நிமிர்ந்து உட்கார்ந்து மேடைத் தமிழில் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். 'தங்களின் மேலான சேவை மென்மேலும் சிறக்க' என்று வரும். நல்ல மனதோடுதான் எழுதுகிறார்கள், ஆனால் அதில் அவர் குரலே இருக்காது.

பதில் வரவில்லையா? ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவுபடுத்துங்கள். அப்போதும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அவர் திரும்பவும் ஆர்டர் கொடுக்க வேண்டியவர். இரண்டாவது முறை நினைவுபடுத்தினால் கடன் கேட்கிற மாதிரி ஆகிவிடும்.

நான்காவது படி: மூன்று கேள்வி

சரி என்று சொன்ன பிறகு அனுப்புவது இவைதான்:

> 1. ஆல்பத்தை எங்களிடம் கொடுப்பதற்கு முன்னால் உங்களுக்கு என்ன தயக்கம் இருந்தது?
> 2. வேலை நடந்தபோதும் முடிந்து கைக்கு வந்தபோதும் உங்கள் நினைவில் நின்ற ஒன்றிரண்டு விஷயம் என்ன?
> 3. உங்களைப் போலவே யோசித்துக்கொண்டிருப்பவர் ஒருவர் உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

முதல் கேள்விதான் உயிர். அதில் 'தயக்கம் இருந்ததா?' என்று கேட்காமல் 'என்ன தயக்கம் இருந்தது?' என்று கேட்டிருப்பதைப் பாருங்கள். இருந்ததா என்று கேட்டால், உங்கள் மனம் நோகக் கூடாது என்று "அதெல்லாம் ஒன்றும் இல்லை" என்றுதான் பதில் வரும். தயக்கம் இருப்பது இயல்புதான் என்று கேள்வியே ஒப்புக்கொண்டால், அவர் தாராளமாகச் சொல்வார்.

இரண்டாவது கேள்வி விவரத்துக்காக. மூன்றாவது கேள்வியில் சில நேரம் ஒன்றும் தேறாது. சில நேரம் மொத்தக் கருத்திலும் நல்ல வரி அங்கேதான் கிடைக்கும், ஏனென்றால் அதுவரை உங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் அப்போது இன்னொருவரைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறார்.

எழுத்தைவிட வாய்ஸ் மெசேஜை நான் விரும்புகிறேன். தமிழில் பேசுவதற்கும் எழுதுவதற்கும் உள்ள தூரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பேசும்போது மனதில் உள்ளது அப்படியே வரும், எழுத உட்கார்ந்தால் வடிகட்டி வரும். ஒன்றரை நிமிடம் பேசினாலே உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

ஐந்தாவது படி: சுருக்குவது

இங்கேதான் நிதானம் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அவர் அனுமதியோடு கீழே தருகிறேன். பூஞ்சை பிடித்த ஒரு கல்யாண ஆல்பம் அவருடையது. முதலில், அவர் பேசியதை ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்துகொண்டேன். சுருக்குவதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். காதால் கேட்டுக்கொண்டே சுருக்கினால் உங்களுக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள்.

> தயக்கம்னா... இருக்கறது ஒரே ஒரு காப்பிதான் தம்பி. நெகட்டிவ் எல்லாம் எப்பவோ போச்சு. நாலு பக்கம் வேற ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. என் பொண்ணு ஆறு மாசமா கொடு கொடுன்னு சொல்றா, நான் கொடுக்கவே இல்ல. தொலைஞ்சு போச்சுன்னா யாரைப் போய்க் கேக்கறது? அப்புறம் நீங்க வாங்குறப்பவே ஒவ்வொரு படத்துக்கும் நம்பர் போட்டு, எண்ணி, லிஸ்ட்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்க பாருங்க, அதுலதான் மனசு கொஞ்சம் அடங்குச்சு. ரெண்டு நாள் லேட்டாச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா நீங்களே முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிட்டீங்க. 140 படம் கொடுத்தேன், 140ம் அப்படியே வந்துச்சு. எங்கப்பா முகத்து மேல இருந்த கறை போயிருச்சு. சட்டைப் பட்டன்கூடத் தெரியுது தம்பி! யாராவது கேட்டா என்ன சொல்வேன்... எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்க, பயப்படாதீங்கன்னு சொல்வேன். நல்லா பண்ணிக் கொடுத்தீங்க, ரொம்ப நன்றி.

சுமார் தொண்ணூறு சொல் இருக்கிறது. வெப்சைட்டில் ஒரு கருத்து முப்பதிலிருந்து ஐம்பது சொல்லுக்குள் இருந்தால் போனில் பார்ப்பவர் நிறுத்தாமல் படித்துவிடுவார். நான் சுருக்கியது இது:

> இருப்பது ஒரே ஒரு காப்பிதான். தொலைந்து போனால் யாரைப் போய்க் கேட்பது என்று ஆறு மாதமாகக் கொடுக்கவே இல்லை. வாங்கும்போதே ஒவ்வொரு படத்துக்கும் நம்பர் போட்டு, எண்ணி, லிஸ்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு நாள் லேட்டானது, ஆனால் முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிட்டார்கள். 140 படம் கொடுத்தேன், 140-ம் அப்படியே வந்தது. அப்பாவின் சட்டைப் பட்டன்கூடத் தெரிகிறது.

என்ன செய்திருக்கிறேன் என்று பாருங்கள். பல வரிகளை வெட்டியிருக்கிறேன். பேச்சு வழக்கின் விகுதிகளை எழுத்து வழக்குக்கு மாற்றியிருக்கிறேன். 'நீங்க' என்பது 'அவர்கள்' என்று பொருள்படும்படி மாறியிருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம். அவர் சொல்லாத ஒரு விஷயத்தைக்கூட உள்ளே நுழைக்கவில்லை. 'லிஸ்ட்', 'லேட்' எல்லாம் அப்படியே இருக்கின்றன. 'பட்டியல்', 'தாமதம்' என்று மாற்றியிருந்தால் பிழையில்லை, ஆனால் அந்த அம்மா பேசுகிற மாதிரி இருக்காது. உங்கள் வாடிக்கையாளர்கள் பேச்சு வழக்கையே விரும்பினால் அதையே வைத்துக்கொள்ளலாம். கலந்துகட்டி எழுதுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கடைசி வரியில் இருந்த நன்றியும் 'நல்லா பண்ணிக் கொடுத்தீங்க' என்பதும்தான் முதலில் போனவை. புகழ்ச்சியை வெட்டுவது தொடக்கத்தில் மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் 140 கொடுத்து 140 வந்தது என்ற பிறகு, நல்ல வேலை என்பதைப் படிப்பவரே சொல்லிக்கொள்வார்.

அந்த இரண்டு நாள் லேட்டை எடுத்துவிடலாமா என்று நானும் யோசித்தேன். எடுத்திருந்தால் அது ஒரு குறையை மறைப்பதாகியிருக்கும். வைத்துக்கொண்டதால், லேட்டானால் இவர்கள் போன் செய்து சொல்வார்கள் என்ற செய்தியும் சேர்ந்து போகிறது. எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: வெட்டிய பிறகு மிச்சம் இருப்பதை அவர் படித்தால், "நான் சொன்னது இதுதான்" என்பாரா? "வேலை நன்றாக இருந்தது, ஆனால் இன்னொரு முறை கொடுக்க யோசிப்பேன்" என்று ஒருவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எடுத்தால், அது அவர் சொன்னதே இல்லை. அப்படி ஒன்று வந்தால் கருத்தாகப் போடாமல், ஏன் யோசிப்பார் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிலர் "நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், நான் சரி சொல்கிறேன்" என்பார்கள். உதவுகிற எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதினால் உங்களுக்கு எது பெருமையோ அதைத்தான் எழுதுவீர்கள். சட்டைப் பட்டன் என் கற்பனைக்கு வந்திருக்கவே வந்திருக்காது. அப்படிச் சொல்பவரிடம், "எழுத வேண்டாம், இரண்டு நிமிடம் போனில் பேசலாமா? நான் குறித்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

ஆறாவது படி: காட்டிவிட்டுப் போடுவது

சுருக்கியதை அவருக்கு அனுப்பி, எழுத்தில் 'சரி' வாங்குங்கள். போனில் சொன்னால், "ஒரு வரி மெசேஜாக அனுப்பிவிடுங்கள் அம்மா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதற்குச் சரி சொல்கிறார் என்பது தெளிவாக இருக்க வேண்டும்:

> அம்மா, மேலே உள்ளதுதான் வெப்சைட்டில் வரும். ஏதாவது மாற்ற வேண்டுமா? பெயரை முழுதாகப் போடலாமா, முதல் எழுத்து மட்டும் போதுமா, பெயரே வேண்டாமா? உங்கள் போட்டோ போட மாட்டேன். முகப்புப் பக்கத்திலும் ஆர்டர் பக்கத்திலும் இருக்கும், வேறு எங்கும் விளம்பரத்துக்குப் பயன்படுத்த மாட்டேன். பிறகு எப்போது வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்.

இந்த அம்மா இரண்டு திருத்தம் சொன்னார். "ஆறு மாசம்னு சொல்லிட்டேன், பொண்ணு சிரிக்கறா. ஒரு வருஷம் ஆச்சாம்" என்பது ஒன்று. பெயரின் முதல் எழுத்தும் 'ஓய்வுபெற்ற ஆசிரியை' என்பதும் போதும் என்பது இன்னொன்று. இரண்டையும் மாற்றினேன். காட்டாமல் போட்டிருந்தால் தவறான விவரம் ஒன்று அவர் பெயரிலேயே நின்றிருக்கும்.

பெயர் முழுதாக இருந்தால் நம்பகம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் கடன் ஆலோசனை, உடல்நலம், குடும்பச் சிக்கல் மாதிரியான தொழில்களில் முழுப் பெயர் கேட்பதே வாடிக்கையாளரைச் சங்கடப்படுத்தும். அங்கே பெயருக்குப் பதிலாக அவர் என்ன வேலைக்கு வந்தார் என்பதைப் போடுங்கள். '140 படங்கள், பூஞ்சை பிடித்த ஆல்பம்' என்ற ஒரு வரியே, பெயரைவிட அதிகம் சொல்லும். எந்த மாதம், எந்த வருடம் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

அவர் முதலில் அனுப்பியது, நீங்கள் சுருக்கியது, அவர் சரி சொன்ன மெசேஜ் மூன்றையும் ஒரே இடத்தில் சேமித்து வையுங்கள். போன் மாற்றும்போது வாட்ஸ்ஆப் மெசேஜ்கள் காணாமல் போவது நடக்கிற கதைதான், அதனால் மெயிலுக்கோ கம்ப்யூட்டருக்கோ ஒரு நகல் அனுப்பிவிடுங்கள். "இதை யார் சொன்னது?" என்று எவராவது கேட்டால் காட்ட வேண்டியது இதுதான்.

பரிசு, தள்ளுபடி, ரிவ்யூ

கருத்துக்குப் பதிலாகத் தள்ளுபடி கொடுக்கலாமா என்று புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். 'நல்லபடியாகச் சொன்னால் இது கிடைக்கும்' என்று ஆகிவிட்டால் அந்தக் கருத்துக்கு மதிப்பே இல்லை. பல நாடுகளில் அது சட்டப்படியும் தவறு. அமெரிக்காவில் 2024 அக்டோபர் 21 முதல் நடைமுறைக்கு வந்த விதி, போலிக் கருத்துகளையும், நல்லவிதமாகச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு எதையாவது கொடுத்து வாங்கும் கருத்துகளையும் தடை செய்கிறது. உறவினரோ ஊழியரோ வாடிக்கையாளர் மாதிரி பேசுவதையும், அந்தத் தொடர்பை மறைப்பதையும் அதே விதி கவனிக்கிறது. பிரிட்டனிலும் போலி ரிவ்யூக்களுக்கு எதிரான சட்டம் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நன்றி சொல்லத் தோன்றினால் மனதாரச் சொல்லுங்கள், அது போதும். ஏற்கெனவே இலவசமாகவோ சலுகையிலோ செய்து கொடுத்த வேலை என்றால், அதைக் கருத்துக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.

கூகுளில் வரும் ரிவ்யூ வேறு விஷயம் என்றேன் அல்லவா? உங்கள் வெப்சைட்டில் யாருடைய கருத்தைப் போடுவது என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். கூகுளில், திருப்தியான வாடிக்கையாளரை மட்டும் பார்த்துப் பார்த்து ரிவ்யூ எழுதச் சொல்வதையும், ரிவ்யூவுக்குப் பரிசு கொடுப்பதையும் அவர்களுடைய கொள்கை அனுமதிப்பதில்லை. அங்கே கேட்டால் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். இன்னொன்று: வெப்சைட்டில் உங்களைப் பற்றிய கருத்துகளைப் போட்டு, கூகுள் தேடலில் அதற்கு நட்சத்திரம் தெரிய வைக்கும் குறியீட்டைச் சேர்த்துக் கொடுக்கிறோம் என்று சிலர் பணம் கேட்பார்கள். ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தன் தளத்திலேயே போடும் ரிவ்யூவுக்குத் தேடல் முடிவில் நட்சத்திரம் காட்டுவதைக் கூகுள் 2019-லேயே நிறுத்திவிட்டது. அந்தப் பணம் வீண்.

கடைசிப் படி: எங்கே வைப்பது

பலர் 'வாடிக்கையாளர் கருத்துகள்' என்று தனிப் பக்கம் வைத்து எல்லாவற்றையும் அங்கே அடுக்கிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்துக்கு யாராவது தானாகப் போவார்களா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தயக்கம் எந்த இடத்தில் வருமோ, அந்த இடத்திலேயே அதற்குப் பதில் சொல்லும் கருத்து இருக்க வேண்டும். ஆல்பத்தை எப்படிக் கொடுத்தனுப்புவது என்று விளக்கும் பத்திக்குக் கீழே அந்த ஆசிரியையின் கருத்தை வைத்தேன். கட்டணம் சொல்லும் இடத்தில், சொன்ன தொகைக்கு மேல் கேட்கவில்லை என்று இன்னொருவர் சொன்னதை வைத்தேன். மொத்தம் நான்கே கருத்துகள்தான் இப்போது இருக்கின்றன. பழைய பதினொன்றையும் எடுத்துவிட்டேன்.

படமாகப் போடாமல் எழுத்தாகவே போடுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து போனில் சிறுத்துவிடும். கண் தெரியாதவர்கள் பயன்படுத்தும், திரையைப் படித்துச் சொல்லும் செயலியாலும் அதைப் பெரும்பாலும் படிக்க முடியாது. தானாக நகர்ந்துகொண்டே இருக்கும் பட்டையிலும் வேண்டாம், பாதி படிக்கும்போது அடுத்தது வந்துவிடும்.

வருடத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். நீங்கள் செய்யும் முறை மாறியிருந்தால் பழைய கருத்து பொய்யாகிவிடும். கையெழுத்துப் போட்ட லிஸ்ட் கொடுப்பதை நான் நிறுத்தினால், அந்த அம்மாவின் கருத்தையும் அன்றே எடுத்துவிட வேண்டும். அவர் உண்மையைத்தான் சொன்னார், ஆனால் அதற்கப்புறம் வருகிறவருக்கு அது நடக்காது. அதனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஸ்கேனரை இல்லை, அந்த லிஸ்ட்டை எப்படி எழுதுவது என்பதைத்தான்.